ஓணம் விற்றதா, தள்ளுபடி விற்றதா?

ஓணத் தள்ளுபடியால் விற்பனை பெருகியது என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பெறும் அந்த எண்ணில் பண்டிகையின் பங்கும் தள்ளுபடியின் பங்கும் பிரிக்கப்படவே இல்லை. சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதும் உதவாது. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29. 2024இல் செப்டம்பர் 15. ஆகஸ்ட் விற்பனை சரிந்தால் அது நாட்காட்டியின் வேலையாகவே இருக்கலாம்.

வேண்டுவது, அதே ஓணத்தைத் தள்ளுபடியின்றிக் கடந்த ஒப்பீட்டுக் கடைகள். சாலைக் கடைத்தெருவில் தள்ளுபடி தந்த ஒரு துணிக்கடையின் வார விற்பனை 100இலிருந்து 150 ஆனது என்று கொள்வோம். முன்பெல்லாம் அதனோடு ஒத்து ஏறி இறங்கிய, தள்ளுபடி தராத கடைகளில் 100 என்பது 138 ஆயிற்று. எனில் தள்ளுபடிக்கு உரியது 50 அன்று, 12.

அந்த 12ஐயும் உடனே நம்பலாகாது. தள்ளுபடியே இல்லாத பழைய வாரங்களிலும் இக்கடைகளுக்கிடையே 15 வரை வேறுபாடு வந்துபோயிருந்தால், 12 வழக்கமான ஏற்ற இறக்கமாகவே இருக்கக்கூடும். ஒப்பீட்டுக் கடை அதே தெருவில் இருத்தலும் தவறு. அங்கிருந்து இங்கு வந்த ஒரு வாடிக்கையாளர் இழப்பாக ஒருமுறை, ஆதாயமாக ஒருமுறை என இருமுறை எண்ணப்படுவார்.

எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் தள்ளுபடியைத் தொடங்கிவிட்டு வெற்றி என முழங்குவது அளவீடு அன்று. சில கடைகளை மட்டும் விலக்கிவைக்க மனமில்லாதவர்கள், உயர்வுக்குக் காரணம் கூறும் உரிமையையும் கைவிட வேண்டும்.