ஐந்து சென்ட் பண்ணை நிலத்தை நாளை யார் வாங்குவார்?

வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பண்ணை நிலத்தில் போடுமாறு விளம்பரங்கள் நம் வீடுகளைத் தேடி வருகின்றன. ஐந்து சென்ட் நிலம், சுற்றிலும் வேலி, நான்கு தென்னங்கன்றுகள், ஐந்தாண்டில் இருமடங்கு விலை என்பதே வாக்குறுதி. நிலம் வாங்குவது தவறன்று. எனினும், அந்த உயர்வு யாருக்குக் கிடைக்கிறது என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஐந்து சென்ட்டின் விலை நான்கு லட்சம் என்றால், சென்ட் எண்பதாயிரம். அருகிலுள்ள விவசாயி ஓர் ஏக்கரை, அதாவது நூறு சென்ட்டை, இருபது லட்சத்துக்குத் தருவதாக இருந்தால் சென்ட் இருபதாயிரம்தான். நிலத்தின் விலை நான்கு மடங்கானாலும் நாம் கொடுத்த முதல்தான் திரும்பும். சொன்னபடி இருமடங்கு பெற அது எட்டு மடங்காக வேண்டும். வரவிருக்கும் உயர்வை விற்பவர் இன்றே எடுத்துக்கொண்டார் என்பதே இதன் பொருள். ஆகவே, முகவரைத் தவிர்த்து, பக்கத்து நிலத்தாரிடம் ஏக்கர் விலையைக் கேளுங்கள்.

அடுத்த கேள்வி, நம்மிடமிருந்து யார் வாங்குவார் என்பது. ஐந்து சென்ட்டில் உழவர் பயிர் செய்ய இயலாது. மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததால் வீடு கட்ட விரும்புவோரும் தயங்குவர். தமிழ்நாட்டில் அங்கீகாரமற்ற மனைகளை வீட்டுமனையாகப் பதிய பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை விதிக்கிறது. அதனால்தான் பத்திரத்தில் ‘விவசாய நிலம்’ என்று எழுதுகிறார்கள். பத்திரம் பதிவானதாலேயே உரிமை உறுதியாகிவிடாது.

முன்பணம் கொடுக்குமுன் சர்வே எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குப் போட்டு, மூலப்பத்திரங்களோடு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அரசின் இணையச் சேவையில் பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பாருங்கள். அந்த நிலம் வக்ஃபு சொத்தா, பஞ்சமி நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதைத் தனியே விசாரியுங்கள். விற்பவர் காட்டும் வரைபடத்தில் முப்பதடிச் சாலை இருக்கலாம். புலப்படத்தில் பாதையே இல்லாதிருந்தால், அது அவருடைய சொந்த நிலத்தின் ஒரு பகுதிதான். பாதை உரிமை நம் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். நம் பெயரில் தனி உட்பிரிவும் தனிப் பட்டாவும் கிடைக்குமா, அல்லது பிரிக்கப்படாத பாகம்தானா என்பதையும் கேளுங்கள். பிரிக்கப்படாத பாகமாயின், எந்த ஐந்து சென்ட் நமது என்று சுட்டிக்காட்டவே முடியாது.

‘ஐந்தாண்டில் நாங்களே இருமடங்குக்கு வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒப்பந்தம் தந்தால் இன்னும் கவனம் தேவை. கொடுத்த தொகைக்குக் குறித்த கூடுதலோடு திரும்பப் பெறுவது, வியாபாரத்தின் ஆடை அணிந்த கடனாகிவிடக்கூடும். வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்புவோர் கையெழுத்திடுமுன் ஆலிம் ஒருவரிடம் அந்த வாசகத்தைக் காட்டித் தெளிவு பெறட்டும். உலகக் கணக்கிலும் அது பலவீனமானதே. திருப்பி வாங்கும் நாளில் அந்த நிறுவனமே இல்லாமற்போனால், நம் கையில் மிஞ்சுவது ஐந்து சென்ட் மட்டுமே. வாக்குறுதியை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த விலைக்கு அந்த நிலத்தை வாங்குவோம் என்றால் வாங்கலாம். இல்லையெனில் விலகிக்கொள்வதே நலம்.