கேள்வி – பதில்: ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: எங்கள் உழவர் குழுவின் கணக்கு நோட்டில் வங்கி இருப்பு ரூ.61,320 வருகிறது. பாஸ்புக்கில் ரூ.58,620தான் உள்ளது. மூன்று முறை கூட்டிப் பார்த்தும் ரூ.2,700 இடிக்கிறது. உறுப்பினர்கள் என்மேல் சந்தேகப்படுகிறார்கள். என்ன செய்வது?
– குழுப் பொருளாளர் ஒருவர்

பதில்: நோட்டின் நகலையும் பாஸ்புக் நகலையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. வங்கி பிடித்த கட்டணம், வரவு வைத்த வட்டி, இன்னும் பணமாகாத செக் ஆகியவற்றை முதலில் பார்த்தேன். அவை எல்லாம் சரியாக உள்ளன.

அடுத்து வித்தியாசத்தை 9ஆல் வகுக்க வேண்டும். 2,700 மீதியின்றி வகுபட்டு 300 வருகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி எழுதினால், வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 52ஐ 25 என்று எழுதினால் வித்தியாசம் 27. அதை 9ஆல் வகுத்தால் 3. ஐந்துக்கும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 3தான்.

உங்களுக்கு வந்த 300இல் 3 நூறாம் இடத்தில் நிற்கிறது. ஆகவே நூறாம் இடத்து இலக்கமும் ஆயிரமாம் இடத்து இலக்கமும் மாறியிருக்க வேண்டும். அவற்றுக்குள் வித்தியாசம் 3 இருக்க வேண்டும்.

நோட்டில் இருப்பு கூடுதலாக இருப்பதால், ஒன்று செலவைக் குறைத்து எழுதியிருப்பீர்கள், அல்லது வரவைக் கூட்டி எழுதியிருப்பீர்கள். செலவுப் பக்கத்தில் 1,4.., 2,5.., 4,7.. என்று ஆயிரத்தைவிட நூறு மூன்று கூடுதலாக உள்ள தொகைகளையும், வரவுப் பக்கத்தில் 4,1.., 7,4.. போல அதற்கு நேர்மாறானவற்றையும் மட்டும் பார்த்தால் போதும். உங்கள் நோட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது: உரக்கடைக்குக் கொடுத்த செக், ரூ.4,750. பாஸ்புக்கில் அதே செக் எண்ணுக்கு ரூ.7,450 பற்று. கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். அதிலும் 7,450 இருந்தால் தவறு நோட்டில்தான். பணம் எங்கும் போகவில்லை.

அப்படி எதுவும் அகப்படாவிட்டால் பூஜ்யம் விட்டுப்போனதா என்று பார்க்க வேண்டும். 3,000 செலவை 300 என்று எழுதினாலும் அதே 2,700 வித்தியாசம்தான் வரும். வகுத்து வந்த 300ஐ அப்படியே செலவுப் பக்கத்தில் தேடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். 9ஆல் வகுபடுவது ஓர் அடையாளம் மட்டுமே. ரூ.2,700 செலவு ஒன்றை எழுதவே மறந்திருந்தாலும் இதே வித்தியாசம் வரும். ரசீதோடு ஒத்துப்பார்க்காமல் எந்தத் தொகையையும் மாற்றாதீர்கள்.

திருத்தும்போது பழைய எண்ணின் மேலேயே எழுத வேண்டாம். வெள்ளை மையும் பூச வேண்டாம். பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 7,450 என்று எழுதி, தேதியிட்டு, நீங்களும் தலைவரும் கையெழுத்திடுங்கள். அதற்குக் கீழுள்ள கூட்டல்களையும் திருத்துங்கள். இருப்பு 58,620 வந்துவிடும். அடுத்த கூட்டத்தில் நோட்டு, பாஸ்புக், ரசீது மூன்றையும் உறுப்பினர்கள் முன் வையுங்கள்.