மனநோய் என்று எழுதும் முன் இரத்தத்தைப் பாருங்கள்

நுவரெலியாப் பக்கம் உயரமான ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நமது சகோதரி ஒருவரின் கதை இது. பெயரும் டிவிஷனும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகள். ஒரு காலத்தில் அந்த மலையில் அவருக்கு முன்னால் நிரை முடிப்பவர் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் எல்லாம் மாறத் தொடங்கியது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை. பேச்சு குறைந்தது. சமைத்துக்கொண்டே அழுவார். ஏற்றத்தில் கூடையோடு நாலு எட்டு வைத்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், அப்படியே உட்கார்ந்துவிடுவார். கிலோ குறைந்தது. அரைப்பேர் விழுந்தது. கங்காணி சோம்பேறி என்றார். மாமியார் யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்லிக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதம் குடித்தார். தூக்கம் கூடியதே தவிர வேறு எதுவும் மாறவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் ஒருவர்கூட அவரிடமிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நாம் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

பிறகு குடும்பநல மருத்துவமாது ஒருவர் தற்செயலாக அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. இரத்தம் குறைந்தால் உடம்புக்குப் போகும் பிராணவாயு குறைகிறது. அதை ஈடுகட்ட இருதயம் வேகமாக அடிக்கிறது. படபடப்பும், மூச்சிரைப்பும், தலைச்சுற்றலும், எதிலும் மனம் நிற்காததும் அதனால் வருபவை. பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பயம் பிடித்த ஆளைப் போலத்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு வாய்த்த வைத்தியர் அத்தோடு விடவில்லை. மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். ஒன்பது பத்து நாள் நிற்காமல் போகிறது என்றார் சகோதரி. மலச்சிக்கல், முடி கொட்டுதல், குரல் கரகரத்தல், சாப்பாடு குறைந்தும் உடம்பு ஊதுதல் எல்லாம் இருந்தன. ஆனால் வைத்தியரை யோசிக்க வைத்தது வேறொரு பேச்சு. நல்ல வெயிலில் மற்றவர்கள் வியர்த்துக்கொண்டு பறிக்கையில் இவர் மட்டும் சுவெட்டரைக் கழற்றுவதில்லையாம். நம் ஊரில் குளிர்கிறது என்று சொன்னால் யார் கணக்கெடுப்பார்கள்? எல்லாருக்கும்தான் குளிர்கிறது. ஆனால் நிரையில் உள்ள பத்துப் பேரும் சுவெட்டரைக் கழற்றிய பிறகும் ஒருவர் மட்டும் நடுங்கினால் அவருடைய தைரொயிட்டைப் பார்க்க வேண்டும்.

தைரொயிட் என்பது தொண்டையின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி விரித்தாற்போல இருக்கும் சிறிய சுரப்பி. உடம்பு எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதை அதன் சுரப்பு தீர்மானிக்கிறது. சுரப்பு குறைந்தால் எல்லாம் மந்தமாகும். நடை, பேச்சு, குடல், யோசனை, மனம் எல்லாமே. அது மனச்சோர்வு போலவே இருக்கும். சுரப்பு கூடினால் நேரெதிர்: கை நடுங்கும், வியர்க்கும், இருதயம் துள்ளும், உடம்பு மெலியும், தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். அதைப் பதற்றநோய் என்று எழுதிவிடுவது சுலபம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1949ஆம் ஆண்டிலேயே லண்டனில் ரிச்சர்ட் ஆஷர் என்ற வைத்தியர், புத்தி பேதலித்தவர்கள் என்று கருதப்பட்ட பதினான்கு பேரைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு இருந்தது தைரொயிட் குறைபாடு. உலக சுகாதார ஸ்தாபனம் மனநல நிபுணர் அல்லாத வைத்தியர்களுக்காக 2016இல் வெளியிட்ட கைநூலும், மனச்சோர்வு என்று முடிவெடுக்கும் முன் இரத்தசோகை, போஷாக்குக் குறைவு, தைரொயிட் குறைபாடு, குடியும் வேறு மருந்துகளும் உண்டாக்கும் மாற்றம் ஆகியவை உண்டா என்று பார்க்கச் சொல்கிறது. ஆகவே நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. எழுதி வைத்திருப்பதைச் செய்யச் சொல்கிறோம்.

நம்மில் மூத்தவர்கள் சிலர் தைரொயிட் என்றால் கழுத்தில் கழலை தொங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அயடீன் பற்றாக்குறையால் கழலை வந்த காலம் ஒன்று இருந்தது. 1995இல் இலங்கையில் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமானது. அயடீன் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் சுரப்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதுதான். அதில் கழுத்து வீங்காமலே போகலாம். ஆகையால் கழுத்தைத் தடவிப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் போதாது. டீ.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். மூளை தைரொயிட்டை வேலை வாங்கும் கட்டளை அது. சுரப்பி சோர்ந்துவிட்டால் மூளை இன்னும் பலமாகக் கத்தும், எண் ஏறும். சாதாரணமாக ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது நம் சகோதரிக்கு 62 இருந்தது.

இரண்டு நோயும் இங்கே தனித்தனியாக வரவில்லை. தைரொயிட் குறைந்தால் மாதவிலக்கு அதிகமாகும். அதனால் இரத்தம் குறையும். இரத்தத்தை மட்டும் கூட்ட மாத்திரை கொடுத்திருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

மருந்து தொடங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நாமும் நினைத்தோம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் டீ.எஸ்.எச். 62இலிருந்து 48க்கு மட்டுமே இறங்கியிருந்தது. வைத்தியர் மருந்தைக் கூட்டப் பேனாவை எடுத்தபோது, பக்கத்தில் நின்ற தாதி, “அக்கா, குளிசையை எப்படிக் குடிக்கிறீங்க?” என்று கேட்டார். தைரொயிட் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் சேர்த்து, பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், ரொட்டியோடு சாயத்தண்ணியில் குடித்திருக்கிறார். இரும்பு தைரொயிட் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. தேயிலையில் உள்ள சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாத்திரையும் வீணாகப் போய்க்கொண்டிருந்தன. தேயிலை பறித்தே வாழும் நமக்குத் தேத்தண்ணியே குறுக்கே நிற்கிறது என்றால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதன் பிறகு அவர் எழுந்தவுடன் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு தைரொயிட் மாத்திரை குடிக்கிறார். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு மணித்தியாலம், தேத்தண்ணியும் சாப்பாடும் இல்லை. அந்த நேரத்தில் அடுப்பு வேலை முடிகிறது. இரும்பு மாத்திரை இரவு படுக்கப்போகும் முன், தேசிக்காய் பிழிந்த தண்ணீரோடு. இரண்டுக்கும் இடையே நாலு மணித்தியாலமாவது இருக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வைத்தார். மருந்தைக் கூட்டாமலே அடுத்த பரிசோதனையில் எண் 9க்கு வந்தது. பிறகு சிறிது கூட்டினார்கள். ஐந்தாம் மாதம் மாதவிலக்கு ஐந்து நாளில் நின்றது, ஹீமோகுளோபின் 12.4 ஆனது. மனச்சோர்வு மாத்திரையை வைத்தியரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். தானாக நிறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

12.4 என்றால் சரியாகிவிட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் போனால்தான் இரத்தசோகை என்பது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கடற்கரை மட்டத்துக்குப் போட்டது. உயரமான இடத்தில் காற்றில் பிராணவாயு அடர்த்தி குறைவு, அதனால் உடம்பு கூடுதல் இரத்தம் வைத்திருக்க வேண்டும். 1,000 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரை வாழ்பவர்களின் எண்ணிலிருந்து 0.8ஐயும், அதற்கு மேல் 2,000 மீட்டர் வரை 1.1ஐயும் கழித்துப் பார்க்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் கூறியிருக்கிறது. ஹட்டன் முதல் வகை, நுவரெலியா இரண்டாம் வகை. நம் சகோதரியின் 12.4இல் 1.1 போனால் 11.3. இன்னும் சோகைதான். அவருடைய வைத்தியர் இதை அறிந்தவர், இரும்பு மாத்திரையைத் தொடரச் சொன்னார். உங்கள் துண்டில் 12.5 என்று போட்டு நோர்மல் என்று எழுதியிருந்தால், “டொக்டர், நாங்க இருக்கிற உயரத்துக்கும் இது போதுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இன்னொரு சொல். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தைரொயிட் முதலில் கூடி, பிறகு குறைவது சிலருக்கு நடக்கிறது. முதலில் தூக்கமின்மை, படபடப்பு. பிறகு சோர்வு, அழுகை. பிள்ளையைப் பார்க்கும் களைப்பு என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். கிளினிக் போகும்போது மருத்துவமாதிடம் இதைச் சொல்லுங்கள்.

எல்லா மனத்துயரும் இரத்தத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. கடனும், குடிகார வீட்டுக்காரரும், ஒழுகும் லயமும் எந்த இரத்தத் துண்டிலும் தெரியாது. இரத்தம் சரியாக இருந்தும் மனச்சோர்வு உள்ளவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு அந்த மாத்திரையும் ஆலோசனையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. சாகவேண்டும் என்று ஒருவர் பேசினால் இரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்ல வேண்டும், 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். அதேபோல ஒவ்வொரு தொழிலாளிக்கும் டீ.எஸ்.எச். பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கு அதனால் பயன் உண்டு என்று நிரூபணமாகவில்லை. எண் சிறிது ஏறியிருப்பவர்கள் வீணாக ஆயுள் முழுக்க மாத்திரை குடிக்கவும் நேரலாம்.

நாம் கேட்பது மூன்று. மனச்சோர்வு, பதற்றம் என்று எழுதப்படும் எவருக்கும் அந்த மாதத்திலேயே ஹீமோகுளோபினும் டீ.எஸ்.எச்.சும் பார்க்க வேண்டும். மருத்துவமாது டிவிஷனுக்கு வரும் நாளில், கர்ப்பிணிகளுக்கு மட்டுமன்றி கொழுந்து பறிக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். மூன்றாவதுதான் தோட்ட நிர்வாகத்தோடு சண்டை. நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ மேல் டிவிஷனிலிருந்து போய்வந்தால் ஒரு நாள் போய்விடும். அன்றைய பேர் போகிறது. ஒரு பரிசோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், ஆறு வாரத்தில் மறுபடியும் ஒரு நாள். இரண்டாம் முறை போகாமல் விட்டவர்களைக் கேட்டால், மருந்தில் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்வதில்லை, பேர் போகிறது என்றுதான் சொல்கிறார்கள். கிளினிக் துண்டு காட்டினால் அன்றைய பேர் போட வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் வைக்கப்போகிறோம். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும், கடந்த ஒரு வருடத்தில் தத்தமது டிவிஷனில் கிளினிக் போனதால் எத்தனை பேர் விழுந்தது என்ற கணக்கை செக்ரோல் துண்டுகளோடு கிளைக் காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டும்.