இரவு 9.30 மணி எச்சரிக்கை



"சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை. இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும். உடனே அதிகாரியை இந்த எண்ணில் அழைக்கவும்."

நம் பங்கின் முதியவர் ஒருவருக்கு அண்மையில் கைப்பேசியில் வந்த செய்தி இது. கட்டணத்தை முன்னரே செலுத்தியிருந்தும், அவர் அஞ்சி அழைத்தார். பதிவைச் சரிசெய்யப் பத்து ரூபாய் போதும் என்ற குரல், அதற்கென ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொன்னது. அவரது திரையில் தோன்றுவதையெல்லாம் எதிர்முனையில் இருப்பவனுக்குக் காட்டும் செயலி அது! பத்து ரூபாய் செலுத்த அவர் பதித்த வங்கி அட்டை எண்ணையும், பின்னர் வந்த ஓ.டி.பி. எண்ணையும் அவன் கண்டுகொண்டான். சிறிது நேரத்தில் சேமிப்பு முழுவதும் பறிபோயிற்று.

இத்தகைய செய்தி பெரும்பாலும் தனியார் ஒருவரின் பத்து இலக்க எண்ணிலிருந்தே வரும். அவசரமும் அச்சமும் அதில் தவறாமல் இருக்கும்.

பெரியோர்களே, ஒரு வழக்கத்தைக் கைக்கொள்வோம். செய்தியில் உள்ள எண்ணை ஒருபோதும் அழைக்கலாகாது. உங்கள் பகுதி மின் அலுவலகத்தின் எண்ணை நேரில் கேட்டறிந்து, சுவர் நாட்காட்டியில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஐயம் எழுந்தால் அந்த எண்ணையே அழையுங்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கி மறைக்க வேண்டா. உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.