தலையணை மாற்றும் காலம்



புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் வாங்கித் தந்த மெமரி ஃபோம் தலையணை அவருக்குக் கழுத்துவலியைக் குறைத்திருக்கிறது. ஆனால் நடுராத்திரியில் பிடரி நனைந்து விழித்துக்கொள்கிறாராம். “ஏசி போட்டால் மூட்டு வலிக்கிறது, நிறுத்தினால் தலையணை சுடுகிறது” என்கிறார். வெயில் ஏற ஏற இதே முறையீடு பலரிடமிருந்தும் வருவதால், இம்முறை இந்தப் பக்கம் படுக்கைக்கு.

நம் ஊரில் வெப்பத்தைவிடக் காற்றின் ஈரம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் அது சீக்கிரம் காயாது. ஃபோம் குழிந்து தலையை உள்ளே வாங்கிக்கொள்வதால் பிடரிக்குக் காற்றே போகாது. ஜெல் பூசியது கடையில் தொட்டால் ஜில்லென்றிருக்கும். உடம்புச் சூட்டை வாங்கி அது நிரம்பியதும் மற்ற ஃபோமைப் போலத்தான்.

இலவம்பஞ்சுக்கு மாறுங்கள் என்பதுதான் என் பதில். நமக்கு அது பெரும்பாலும் தேனி மாவட்டத்துப் போடி பக்கத்திலிருந்து வருகிறது. கோடையில் காய் வெடிக்கும் பருவம். இதன் இழை உள்ளே வெறும் குழல், வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு. அதனால் வியர்வையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளாது, சூட்டையும் தேக்கி வைக்காது.

தைத்து வைத்ததை வாங்குவதைவிட, எடை போட்டு உங்கள் கண்முன் அடைத்துத் தரும் மெத்தைக் கடைக்குப் போங்கள். நல்ல பஞ்சு பட்டுபோல மின்னும், விரலில் வழுக்கும். மங்கலாக, நடுவே கலர் நூல் துணுக்குகளோடு இருந்தால் அது கழிவுப் பஞ்சு. சாதாரண அளவுத் தலையணைக்குச் சுமார் ஒரு கிலோ போதும். வாசகிக்குக் கழுத்துவலி இருப்பதால் நான் கால் கிலோ கூட்டுவேன். இலவம்பஞ்சு ஃபோம்போல எழும்பி நிற்காது, நாளாக நாளாக அமுங்கும். உள்துணி நெருக்கமாக நெய்த கோடுபோட்ட மெத்தைத் துணியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இழை கசிந்து மூக்கில் ஏறும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பஞ்சு அடைக்கும் இடத்துக்கு அவரைக் கூட்டிப் போகவே வேண்டாம்.

இதைத் தண்ணீரில் மட்டும் போடாதீர்கள். இழை உடைந்து கட்டியாகிவிடும், உள்ளே காயவும் காயாது. வெயில்தான் இதற்குச் சலவை. காலை பத்து மணிக்கு மாடியில் போட்டு, நடுவில் ஒருமுறை புரட்டித் தட்டி, பிற்பகல் கடல்காற்று வலுக்கும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் வரை விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வந்துவிடும். உள்ளே கையில் நிரடும் கட்டிகளைக் கசக்கிப் பாருங்கள். பிரிந்து கொடுத்தால் இன்னும் உழைக்கும். மாவுபோல உதிர்ந்தால் பஞ்சை மாற்ற வேண்டியதுதான்.

வாரம் ஒருமுறை துவைக்க வேண்டியது மேலுறையை. அது பருத்தியாகவே இருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீதிகளில் சோப்பு நுரைக்காது. அதற்காகப் பவுடரை அள்ளிப் போட்டால் துணியில் படிந்து விறைத்துவிடும். பவுடரைக் குறைத்து, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னர் வேண்டாம். அது இழைமேல் படலமாகப் படிந்து, வியர்வை உறிஞ்சும் குணத்தையே கெடுத்துவிடும்.

போர்வைக்கு வருவோம். ஒரு காலத்தில் நம் ஊர் நீலத் துணி கப்பலேறிச் செனகல் வரை போனது. ஏ.எஃப்.டி. மில் 2020இல் மூடிய பிறகு, உள்ளூர் மில் துணி என்று தேட முடியாது. சென்னிமலைக் கைத்தறிப் போர்வை ஒன்று இருந்தால் விடியற்காலை ஃபேன் குளிருக்கு அதுவே தாராளம்.

ஏசி அறைக்குக் குயில்ட் வாங்குபவர்கள் ஏமாறுவது ‘மைக்ரோஃபைபர்’ என்ற பெயரில். பெரும்பாலும் அது பாலியஸ்டர்தான். சந்தேகமானால், வாங்கியபின் ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். உள்ளே பருத்திப்பஞ்சு வைத்த மெல்லிய ஜெய்ப்பூர் ரஜாய் நல்லது. தையல் வரிகள் நாலு விரல் இடைவெளிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அகலமாக இருந்தால் முதல் சலவையிலேயே பஞ்சு ஒரு மூலைக்குப் போய்விடும். நனைந்தால் அது மூன்று மடங்கு கனக்கும், சின்ன வாஷிங் மெஷினில் திணிக்காதீர்கள். பருத்தி உறை ஒன்று தைத்துப் போட்டு, அந்த உறையை மட்டும் துவைத்து வந்தால் ரஜாய்க்கு வருஷத்தில் ஓரிரு சலவையே போதும். அதையும் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்