அரிசிப் பாட்டிக்கு ஐந்து நிமிடம்

நம் சபையாருக்கும், வாலிபர் ஐக்கியத் தம்பி தங்கைகளுக்கும் சார்ஜாவிலிருந்து ஸ்தோத்திரம்.

அரிசிப் பாட்டியின் நினைவு ஆராதனையில் திரையிடப்போகும் படத்துக்காக வாலிபர் ஐக்கியத்தார் எழுதிய உரை வந்து சேர்ந்தது. இங்குள்ள தமிழ்ச் சபையில் இத்தகைய படங்களுக்கு உரை எழுதும் வேலையை நான் செய்துவருவதால் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார்கள். பதிலை அவர்களுக்கு மட்டும் எழுதாமல் சபை முழுமைக்கும் எழுதக் காரணம் உண்டு. அந்த உரையில் விடுபட்டவை எல்லாம் உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன.

உரையை வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். "அன்பின் சிகரம், ஜெப வீராங்கனை, ஏழைகளின் தாய், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தூண்." ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் பாட்டியின் பெயரை எடுத்துவிட்டு நம் சபையில் மரித்த வேறொரு தாயின் பெயரைப் போட்டால், அவருக்கும் அப்படியே பொருந்திவிடும். அடக்கத்துக்கு வர முடியாமல் என்னைப்போல் செல்போனில் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் இந்தப் படத்தில் தேடப்போவது பாட்டியை. ஆகவே ஒவ்வொரு அடைமொழிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இதைக் கண்ணால் கண்டவர் யார்? என்ன கண்டார்? பதில் கிடைத்தால் அந்தச் சம்பவத்தை வைத்துக்கொண்டு அடைமொழியை அடித்துவிடுங்கள். கிடைக்காவிட்டாலும் அடித்துவிடுங்கள்.

"ஏழைகளின் தாய்" என்ற அடைமொழிக்கு நானே ஒரு பதில் தருகிறேன். பாட்டி சனிக்கிழமைதோறும் கைப்பிடி அரிசி வாங்க வீடுவீடாக வருவார். அப்பா பனையேற முடியாமல் படுத்திருந்த வருஷம், எங்கள் வீட்டில் கைப்பிடி எடுத்துவைக்க அரிசி இல்லை. அந்த மாதங்களில் பாட்டி எங்கள் வாசலைத் தாண்டிப் போனதே இல்லை. வழக்கம்போல் வருவார், திண்ணையில் உட்காருவார், "ஏட்டி, குடிக்கத் தண்ணி கொண்டா" என்பார். செம்பைக் காலி செய்துவிட்டு நோட்டை எடுத்து எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொண்டு கிளம்புவார். பக்கத்து வீட்டார் கண்ணுக்கு நாங்களும் அரிசி கொடுத்த வீடுதான். அம்மா இதை என்னிடம் சொன்னது நான் வேலைக்கு இங்கே வந்த பிறகு. இதை என் பெயர் சொல்லியே படத்தில் வைக்கலாம். என் குரலிலேயே பதிவு செய்து அனுப்புகிறேன்.

இதை முன்னும் பின்னும் கோத்து எழுதினால் எப்படி வரும் என்று ஒரு பகுதியைக் கீழே தருகிறேன். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதில் விழுவதையும் எழுதுவது இந்த வேலையில் வழக்கம். மடலில் வசதிப்படாததால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறேன்.

திரையில்: மாலை வெயிலில் கீழத்தெரு. ஆள் இல்லை.
குரல்: சனிக்கிழமை நாலு மணி ஆனால் இந்தத் தெருவில் பாட்டி வருவார். இடுப்பில் ஓலைப்பெட்டி. கையில் உழக்கு.

திரையில்: அவர் வீட்டுத் திண்ணையில் அதே பெட்டி, உழக்கு, மூடிய நோட்டு.
குரல்: உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியே வைப்பது நம் அம்மாக்களின் வழக்கம். ஏழு நாள் சேர்ந்த அந்த அரிசியை வாங்கி, அளந்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்குக் கொண்டுவருவது பாட்டியின் வேலை. ஏலப் பணம் மிஷனரி ஊழியத்துக்குப் போனது.

திரையில்: அறுப்பின் பண்டிகையில் பாட்டி சிரிக்கும் படம்.
குரல்: ஆராதனையில் பேசும் பையன்களை அந்த உழக்காலேயே மண்டையில் தட்டுவார். தட்டு வாங்கியவர்களில் இருவர் இன்று குருவானவர்கள்.

திரையில்: தண்ணீர்ச் செம்பு, திண்ணை.
குரல்: (என் பதிவு, இருபது விநாடி.)

உழக்கால் தட்டியதை எழுதலாமா என்று யாராவது தயங்கலாம். கட்டாயம் எழுத வேண்டும். அவர் கண்டிப்பானவர் என்பது ஊருக்கே தெரியும். அதை மறைத்தால், தண்ணீர் கேட்ட கதையையும் ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்று தோன்றிவிடும்.

இனி நேரக் கணக்கு. நீங்கள் அனுப்பிய உரையில் ஏறத்தாழ தொள்ளாயிரம் சொற்கள் இருக்கின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. துக்க வீட்டுக்கேற்ற நிதானத்தில் வாசித்தால் நிமிடத்துக்கு எண்பது சொல்தான் போகும். அப்படியானால் உங்கள் உரைக்கு மட்டும் பதினோரு நிமிடம் ஆகும். ஆராதனையில் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஐந்து. அதற்குள் அடக்கப் பார்த்தால் வாசிப்பவர் ஓட வேண்டிவரும். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் வாசிப்புக்கு, அதாவது 240 சொல். ஒன்றரை நிமிடம், பாட்டியை அறிந்த மூன்று நான்கு பேரின் சொந்தக் குரலுக்கு. மிச்ச அரை நிமிடத்தில் யாரும் பேச வேண்டாம். முகத்தைப் பார்க்க விடுங்கள். வகித்த பொறுப்புகளின் பட்டியல், பேரன் பேத்திகளின் பெயர்வரிசை எல்லாம் ஆராதனை முறைமைத் தாளில் அச்சிட வேண்டியவை. காதால் கேட்டு அவற்றை மனதில் வைப்பவர் இல்லை.

புகைப்படத்துக்கும் இதே கணக்குதான். ஒற்றை முகம் என்றால் ஆறு விநாடி, குடும்பப் படம் என்றால் பத்து விநாடியாவது நிற்க வேண்டும். கூட்டத்தில் தங்கள் முகத்தைத் தேடுகிறவர்களுக்கு அவ்வளவு நேரம் தேவை. நூற்றிருபது படம் சேர்ந்திருக்கிறதாம். முப்பதைத் தேர்ந்தெடுங்கள், போதும். அவர் வீட்டுச் சுவரில் தொங்கும் கல்யாணப் படம் முக்கியமானது. ஆனால் அது ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. ஓரத்தில் பளபளப்பாகத் திட்டு தெரிகிறதே, அதுதான் அடையாளம். பிரித்து எடுக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு முற்றத்து நிழலுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தி வைத்து, படம் எடுப்பவர் பின்னால் கறுப்புத் துணி பிடிக்கச் சொல்லி, பிளாஷ் போடாமல் நேருக்கு நேராக எடுங்கள். துணி இருந்தால் கண்ணாடியில் எதிரொளி விழாது. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். "டாக்குமெண்ட்" என்று இருக்கும் வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

வருஷங்களைப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள். "1944-ல் தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார்" என்று இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை உருவானதே 1947 செப்டம்பர் 27 அன்று. 1944-ல் நம் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையின் திருநெல்வேலி அத்தியட்சாதீனத்தைச் சேர்ந்தது. அதேபோல் 1966-ல் நடந்த கல்யாணத்தைத் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தில் நடந்ததாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தத் திருமண்டலம் பிரிந்தது 2003-ல். ஆலய அலுவலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் இருக்கும். குருவானவரிடம் கேட்டு, அவர் முன்னிலையில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் நூறு பேர் பார்க்கும் படம் நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு ஆவணமாகிவிடும்.

காட்டக் கூடாதவை பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டியின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் எந்த வீடு எத்தனை உழக்கு கொடுத்தது, எந்த வீட்டுக்கு வெறும் கோடு மட்டும் விழுந்தது என்பதெல்லாம் இருக்கிறது. எங்கள் வீட்டைப் பற்றி நான் சொல்லலாம். மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. அத்தனை வருஷம் பாட்டி காத்த மானத்தை அவருடைய நினைவுப் படமே உடைத்துவிடக் கூடாது. நோட்டை மூடியபடியே காட்டுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்த படங்களும், பெட்டியில் கிடத்திய படமும் வேண்டாம். "கொடிய நோயில் துடிதுடித்து" என்ற வரியையும் எடுத்துவிட்டு, இன்ன தேதியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மட்டும் எழுதுங்கள். எல்லார் படத்திலும் வரும் வசனத்தைக் கடைசியில் போடுவதற்குப் பதில், அவருடைய வேதாகமத்தைப் புரட்டி அவர் கையால் கோடு போட்டிருக்கும் வசனத்தைத் தேடுங்கள். கட்டாயம் இருக்கும்.

பின்னணிக்குச் சந்தையில் கிடைக்கும் பாடல் ஒலிப்பதிவைப் போடாதீர்கள். நேரலையில் போகும்போது உரிமைக்காரர் கோரிக்கையால் ஒலியை நிறுத்திவிடுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வெறும் படம்தான் ஓடும். நம் பாடகர் குழுவை அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாசிப்பு ஓடும்போது பாட்டை நன்றாகத் தாழ்த்திவிட வேண்டும். நம் ஆலயத்துக் கூரை உயரம். அங்கே எதிரொலியில் பாட்டும் பேச்சும் கலந்து, முதலில் தொலைவது பேச்சுதான். முந்தின நாளே ஆலயத்தில் ஓட்டி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். பகல் நேரமாதலால் படம் வெளுத்துத் தெரியும். எழுத்துகளுக்குப் பின்னால் கறுப்புப் பட்டை கொடுங்கள். எழுத்தைத் திரையிலேயே சரிபாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். பாட்டியின் பெயரிலேயே ஒரு கொம்பு இருக்கிறது.

வாசிக்க, மேடைப் பேச்சுப் பழகியவர் வேண்டாம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவரோடு அரிசி அளந்த அக்கா ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, பகலில் கதவைச் சாத்திய அறையில் பதிவு செய்யுங்கள். நடுவில் தொண்டை அடைத்தால் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, அந்த வரியிலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். அழுகையைப் பதிவு செய்து போட வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் முதலில் பாட்டியின் பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். எதையாவது நீக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள். செம்புக் கதையை நீக்கச் சொன்னாலும் அப்படியே. என் பதிவை வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன். கீழத்தெருக் காட்சியை அதற்குள் நாலு மணி வெயிலில் எடுத்துவைத்துவிடுங்கள். செல்போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, பத்து எண்ணும்வரை அசைக்காமல் எடுத்தால் போதும்.

உங்கள் சபைப் பிள்ளை,
சார்ஜா