"அனுப்பப்படும்" என்றால் யாரால் ஐயா?

 

ஆஸ்பத்திரிகளில் 'அட்மிஷன் நடைமுறை' என்று ஒரு வரைபடம் மாட்டுகிறார்கள். நீச்சல் குளத்தில் கயிறு கட்டிப் பிரிப்பதுபோல பதிவு கவுன்ட்டர், டாக்டர், லேப், நர்ஸ் என்று ஆளுக்கொரு பாதை. இதற்கு ஸ்விம்லேன் என்று பெயர். 1990-ல் ரம்லர், பிரேச் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை. வேலை கெடுவது பிரிவுக்குள்ளே அல்ல, ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில் என்பதுதான் அவர்கள் சொன்னது.

நம்மவர்கள் பாதைகளை அழகாகப் போடுகிறார்கள். அம்புக்குறியில்தான் ஏமாற்றுகிறார்கள். "கோப்பு வார்டுக்கு அனுப்பப்படும்" என்று செயப்பாட்டு வினையில் எழுதிவிடுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட "யாரால்?" என்று கேட்கும்.

யாரால் என்று நான் வரைந்து பார்த்தேன். எங்கள் திருச்செந்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருவரை மூச்சுத்திணறலோடு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். அவர் மகனை உட்கார வைத்து, சார்ட் பேப்பரில் அவனுக்கும் ஒரு பாதை போட்டேன்.

கவுன்ட்டரில் ஓ.பி. சீட்டை அவன் வாங்கினான் (1). டாக்டரிடம் கொடுத்தான் (2). டாக்டர் அட்மிஷன் எழுதி, ரத்தக் குழாயையும் அவன் கையில் தந்தார் (3). லேபுக்குக் கொண்டுபோனான் (4). ரிப்போர்ட் வாங்கினான் (5). மறுபடி கவுன்ட்டர் (6). ஐ.பி. நம்பர் போட்ட கோப்பு கைக்கு வந்தது (7). வார்டு நர்ஸிடம் கொடுத்தான் (8). "படுக்கை இல்லை, டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்க" என்றார் (9). டாக்டரிடம் போனான் (10). அவர் வேறு வார்டு சொன்னார் (11). அந்த வார்டு நர்ஸிடம் கொடுத்தான் (12).

பன்னிரண்டு கைமாற்றம். ஊழியரிடமிருந்து ஊழியருக்கு நேராகப் போனது ஒன்றுகூட இல்லை! சம்பளமில்லாத அந்தப் பையன்தான் முழு ஆஸ்பத்திரியையும் இணைத்திருக்கிறான். சுவரிலுள்ள படத்தில் அவனுக்குப் பாதையே கிடையாது. துணைக்கு ஆளில்லாமல் வருகிறவர் கதி என்ன?

"ஆள் பற்றாக்குறை சார்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் எழுதும் முன் டாக்டர் வார்டுக்கு ஒரு போன் போட்டு "படுக்கை இருக்கா?" என்று கேட்டிருந்தால், 9 முதல் 12 வரை நான்கு அம்புகள் காணாமல் போயிருக்கும். அதற்குப் புது ஆள் எதற்கு?

எல்லாவற்றையும் உறவினரிடமிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. அடையாள அட்டை காட்டுவதும் சம்மதக் கையெழுத்தும் அவர்கள் வேலைதான். ரத்தக் குழாய் சுமப்பது அவர்கள் வேலையா?

ஆகவே, படம் போடுகிறவர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். அறையில் உட்கார்ந்து வரையாமல் ஒரு நோயாளியின் பின்னாலேயே நடந்து வரையுங்கள். ஒவ்வொரு அம்பிலும் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார், கைமாறும் பொருள் எது என்று எழுதுங்கள். "படுக்கை உண்டா?" என்ற கட்டத்திலிருந்து 'உண்டு' என்று ஒரு கோடு மட்டும் போடாமல், 'இல்லை' என்ற கோட்டையும் போட்டு, அது யாரிடம் போய் முடிகிறது என்று காட்டுங்கள்.

முதலில், உறவினருக்கும் ஒரு பாதை போடுங்கள். அதில் எத்தனை அம்பு விழுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகு, அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட உங்களுக்கு மனசு வருகிறதா என்று பார்ப்போம்.